சீட்டில் பத்து, செல்போனில் நாற்பது

கணவரை இழந்து மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் தவிக்கும் ஒரு தாய்க்கு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம், 0-0-1, பத்து நாளைக்கு, மொத்தம் 10 மாத்திரை. அதற்குக் கீழே “10 நாள் கழித்து வரவும்” என்று ஒரு வரி. பிறகு கையெழுத்து, தேதி, பதிவு எண்ணுடன் முத்திரை.

மாத்திரை போட்ட இரவுகளில் அந்த அம்மா தூங்குகிறார். பத்தாம் நாள் அட்டை காலியாகிறது. கிளினிக் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. சீட்டின் படம் அவன் செல்போனில் இருக்கிறது. படத்தில் எழுதவும் அழிக்கவும் வசதி அதே போனில் இருக்கிறது. 10 என்பதில் உள்ள 1 என்ற எண்ணை 4 ஆக மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “அண்ணா, இதை எடுத்து வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்” என்று சொல்கிறான்.

இந்த மகன் போதைக்கு மாத்திரை தேடுபவன் இல்லை. அம்மா தூங்க வேண்டும் என்பதுதான் அவன் கவலை. டாக்டர் உண்மையான டாக்டர், நோயாளி உண்மையான நோயாளி, மருந்தும் அவர் எழுதிய மருந்துதான். ஒரே ஒரு எண்ணைத்தானே மாற்றினோம் என்று அவன் மனதைச் சமாதானம் செய்துகொள்வான். அவன் செய்தது என்ன என்பதை அந்த ஓர் எண்ணிலிருந்தே பார்க்க வேண்டும்.

இந்தியாவில் மருந்துக்கடைகள் எப்படி விற்க வேண்டும் என்பதை 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகள் வரையறுக்கின்றன. அதில் 65ஆம் விதி, ஒரு காகிதம் எப்போது மருந்துச் சீட்டு ஆகிறது என்று சொல்கிறது. அது எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டுத் தேதி போட்டிருக்க வேண்டும். யாருக்காக எழுதப்பட்டதோ அவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். கொடுக்க வேண்டிய மருந்தின் மொத்த அளவும், எந்த அளவில் சாப்பிட வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். ஆக, மொத்த எண்ணிக்கை டாக்டர் போகிற போக்கில் போடும் குறிப்பில்லை. இந்த நோயாளிக்கு இத்தனை மாத்திரை வரை கொடுக்கலாம் என்று மருந்துக்கடைக்கு அவர் தரும் அனுமதியே அந்த எண்தான். பத்துக்கு மேலே உள்ள முப்பது மாத்திரையை எந்த டாக்டரும் எழுதவில்லை. ஆனால் அவர் எழுதியதாக அவருடைய கையெழுத்துக்கு மேலே நிற்கிறது.

இதைத்தான் சட்டம் பொய் ஆவணம் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 335ஆவது பிரிவு, ஓர் ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ, அது உருவான பிறகு, அதிகாரமில்லாமல் ஏமாற்றும் எண்ணத்தோடு அதன் முக்கியமான பகுதியில் மாற்றுவதையும் பொய் ஆவணம் தயாரிப்பதாகவே கொள்கிறது. மின்னணுப் பதிவு என்ற சொல் இருப்பதால், “நான் காகிதத்தைத் தொடவே இல்லை, படத்தைத்தான் மாற்றினேன்” என்ற வாதம் எடுபடாது. 336ஆவது பிரிவின்படி போலி ஆவணம் செய்ததற்கு இரண்டு ஆண்டு வரையும், ஏமாற்றுவதற்காகவே செய்தது என்றால் ஏழு ஆண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். போலி என்று தெரிந்தே அதை உண்மையானது போலப் பயன்படுத்தினாலும் அதே தண்டனைதான் என்கிறது 340ஆவது பிரிவு. அதனால் படத்தைத் தம்பி திருத்தி அண்ணன் கடையில் காட்டினால், விஷயம் தெரிந்த அண்ணனும் மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு வழக்கிலும் நோக்கம் என்ன என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். ஆனால் அம்மாவுக்காகச் செய்தேன் என்பது தண்டனையைக் குறைக்கலாமே தவிர, திருத்திய படத்தை உண்மையான சீட்டாக மாற்றிவிடாது.

எடுத்துக்காட்டுக்கு அல்பிரசோலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அது எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த அட்டவணையில் சில ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மருந்துகள் எல்லாம் உண்டு. இவற்றை விற்கும்போது டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் கேட்டால் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். மகன் அனுப்பிய படத்தை நம்பி 40 மாத்திரை கொடுத்தால், பதிவேட்டில் அந்த டாக்டரின் பெயருக்கு நேரே 40 என்று ஏறும். டாக்டரின் கேஸ் ஷீட்டில் 10தான் இருக்கும். இந்த முரண்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், தவறு எதுவும் செய்யாத டாக்டரும் மருந்தாளுநரும். கடையின் உரிமம்கூட ஆபத்துக்கு உள்ளாகலாம்.

படமாக அனுப்புவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 65ஆம் விதியின் இன்னொரு பகுதி, ஹெச் அட்டவணை மருந்துக்கான சீட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தி மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. திரும்ப வாங்கலாம் என்று டாக்டரே அதில் எழுதியிருந்தால் மட்டும் விலக்கு. மருந்து கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதி மூன்றையும் டாக்டரின் கையெழுத்துக்கு மேலே குறிக்க வேண்டும். நல்ல மெடிக்கல்களில் சீட்டின் மேல் சீல் குத்தித் தருவது இதற்காகத்தான். படத்தில் சீல் குத்த இடமில்லை. முதல் கடையில் சீல் விழும் முன்பே எடுத்த படத்தை ஐந்து கடைகளுக்கு அனுப்பினால், ஐந்துக்கும் அது புதுச் சீட்டாகத்தான் தெரியும். அனுபவமுள்ள மருந்தாளுநர் இந்த வகை மாத்திரைக்குப் படத்தை ஏற்காமல் அசலைக் கேட்பது இதனால்தான். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

படம் எல்லாமே தப்பு என்றும் இதற்கு அர்த்தமில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள், டாக்டர் கையெழுத்திட்ட சீட்டின் படத்தையோ ஸ்கேனையோ நோயாளிக்கு இமெயிலிலோ செய்திச் செயலியிலோ அனுப்ப இடம் தருகின்றன. அங்கே படத்தை அனுப்புகிறவர் டாக்டர், அதில் இருப்பது அவர் எழுதியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் எடுத்துக்காட்டில் உள்ள மகன் பிடிபடுவானா? பெரும்பாலும் பிடிபடுவான். எண்ணை மட்டும் மாற்றுகிறவர்கள் சீட்டில் மற்ற எல்லாமும் அந்த எண்ணோடு கணக்கில் இணைந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். 0-0-1 என்றால் இரவில் ஒன்று. பத்து நாளைக்குப் பத்து. சீட்டில் பத்து நாள் என்று இருக்கிறது, மொத்தம் மட்டும் 40 என்றால் கணக்கு உதைக்கிறது. “10 நாள் கழித்து வரவும்” என்ற வரி கீழே அப்படியே நிற்கிறது. பல டாக்டர்கள் இப்படிப்பட்ட மாத்திரைகளுக்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதிவிடுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பேனா மை காகிதத்தில் பதிந்த கோட்டின் தடிமனும் விரலால் திரையில் இழுத்த கோட்டின் தடிமனும் வேறாக இருக்கும். பழைய எண்ணை அழித்த இடத்தில் காகிதத்தின் மடிப்பும் நிழலும் காணாமல் போயிருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், மருந்தாளுநர் முத்திரையில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டால் கிளினிக்கில் கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அப்படி ஒருவர் “தம்பி, டாக்டர் பத்துதான் எழுதினாராமே” என்று மெதுவாகக் கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேறு கடைக்கு அதே படத்தை அனுப்புவது தவறை இரட்டிப்பாக்கும். மாற்றிய படம் இன்னும் யாருக்கும் போகவில்லை என்றால் அதை அழித்துவிடலாம். அதைக் காட்டி மாத்திரையே வாங்கியாகிவிட்டது என்றால், டாக்டரிடம் உள்ளதைச் சொல்வதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு. உண்மையில் எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமல் அவர் அடுத்த அளவை முடிவு செய்ய முடியாது.

இனி, டாக்டர் ஏன் பத்தோடு நிறுத்தினார் என்பதைப் பார்க்கலாம். அல்பிரசோலம் சேர்ந்த மருந்துக் குடும்பத்தைக் குறுகிய காலத்துக்குத்தான் தருவார்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தைத் தாண்டுவதில்லை. தினமும் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகி, அது இல்லாமல் தூங்க மறுக்கும். முதலில் போதுமானதாக இருந்த அளவு பிறகு போதாமல் போகும். வயதானவர்களுக்கு இரவில் எழுந்து நடக்கும்போது தடுமாற்றம் வரும். விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். மதுவோடோ, டிரமடால் போன்ற வலி மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சை அடக்கும். இந்த அம்மாவுக்குப் பத்தாம் நாள் டாக்டர் பார்க்க நினைத்தது இதையெல்லாம்தான்: தூக்கம் திரும்பியதா, பகலில் மந்தமாக இருக்கிறாரா, துக்கம் மனச்சோர்வாக மாறுகிறதா, மாத்திரையை நிறுத்தலாமா அல்லது வேறு சிகிச்சை வேண்டுமா. நாற்பது மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தச் சந்திப்பே நடக்காது. அதோடு, ஆழ்ந்த துயரத்தில் இருக்கும் ஒருவரின் கையெட்டும் தூரத்தில் நாற்பது தூக்க மாத்திரை இருப்பதை எந்தப் பொறுப்பான டாக்டரும் விரும்ப மாட்டார். சிறிய எண்ணிக்கைக்குப் பின்னால் அந்த அக்கறையும் இருக்கிறது.

சரி, மாத்திரை தீர்ந்துவிட்டது. நேர்வழியில் எப்படி வாங்குவது?

முதலில் கையில் இருக்கும் சீட்டை நிதானமாகப் படியுங்கள். பிரஷருக்கோ தைராய்டுக்கோ எழுதிய சீட்டுகளில் பல நேரம் “மூன்று மாதம் திரும்ப வாங்கலாம்” என்பது போல டாக்டரே எழுதியிருப்பார். அப்படி இருந்தால் புதுச் சீட்டே தேவையில்லை; அசலை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு முறையும் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டால் போதும். இன்னொரு நிலையும் உண்டு. முப்பது எழுதியிருந்தும் கையில் பணமில்லாமல் முதலில் பத்துதான் வாங்கியிருப்பீர்கள். அப்போது எத்தனை கொடுத்தார்கள் என்பதைக் கடையில் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி இருபதைக் கேட்பதற்கு அதுவே சான்று. அட்டையில் பதினைந்து இருக்கிறது, சீட்டில் பத்துதான் இருக்கிறது என்பதற்காக எண்ணைத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. பத்தை வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்; மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் அப்படி எதுவும் இல்லை என்றால் எழுதிய டாக்டரிடம்தான் போக வேண்டும். அட்டை காலியான பிறகு இல்லை, ஐந்தாறு மாத்திரை மீதி இருக்கும்போதே. கிளினிக்குக்குப் போன் செய்தால் சொல்ல வேண்டியவை நோயாளியின் பெயர், கடைசியாகப் பார்த்த தேதி, மருந்தும் அதன் மில்லிகிராமும், தினம் எத்தனை சாப்பிடுகிறார், இன்னும் எத்தனை மீதி இருக்கிறது, இடையில் புதிதாக ஏதாவது தொந்தரவு வந்ததா என்பதுதான். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னால் உதவியாளர் டாக்டரிடம் அப்படியே கொண்டுபோக முடியும். “மாத்திரை தீந்துபோச்சு, எழுதிக் குடுங்க” என்று மட்டும் சொன்னால் வரச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நிலையாக இருக்கும் பிரஷருக்கோ தைராய்டுக்கோ, முன்பு பார்த்த டாக்டர் போனிலேயே விசாரித்துப் புதுச் சீட்டை அனுப்ப முடியும். அது புதிய தேதியோடு, புதிய கையெழுத்தோடு வரும். பழைய படத்தின் மேல் யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆனால் அல்பிரசோலத்துக்கு இந்த வழி கிடைக்காது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாது என்று 2020 நெறிமுறைகள் தடுத்திருக்கின்றன. அல்பிரசோலம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே டாக்டர் போனில் எழுத மறுத்தால் அவர் பிகு பண்ணுவதாக நினைக்க வேண்டாம். அம்மாவை நேரில் அழைத்துப் போக வேண்டும். முடியவே இல்லை என்றால், மகன் மட்டும் வந்தால் போதுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம், முடிவு டாக்டருடையது.

அந்த டாக்டர் ஊரில் இல்லை என்றால் வேறொரு டாக்டரைப் பார்ப்பதில் தவறே இல்லை. பழைய சீட்டின் அசல், காலியான அட்டை, பில் மூன்றையும் எடுத்துப் போங்கள். மாத்திரையின் பெயரை வாயால் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது நல்லது. ஒரே மாத்திரை 0.25, 0.5 என்று வெவ்வேறு அளவில் வருகிறது. புது டாக்டர் தன் பொறுப்பில், தனக்குச் சரியென்று படும் எண்ணிக்கையை எழுதுவார். அது முந்தையதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். சீட்டு தொலைந்துபோனாலும் இதே கதைதான்: கிளினிக்கில் கேஸ் ஷீட் இருக்கும், அதைப் பார்த்து வேறு எழுதித் தருவார்கள். டாக்டரே எண்ணைத் தவறாக எழுதிவிட்டார் என்று தோன்றினால் அவரிடமே திரும்பிப் போய், அடித்துத் திருத்தாமல் புதிதாக எழுதித் தரச் சொல்வது எல்லோருக்கும் நல்லது.

செலவுதான் தடை என்றால் அரசு மருத்துவமனையின் ஓபிக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் பார்க்கிறார். தூக்கமின்மையையும் பதற்றத்தையும் அங்கே காட்டலாம், மருந்தும் இலவசம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். இந்த மாத்திரையை அவர்கள் எழுதித் தர முடியாது என்றாலும், எங்கே போவது என்று வழிகாட்டுவார்கள், துக்கத்தில் இருப்பவரிடம் பேசுவார்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளுக்காக அலைகிறவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். தூக்க மாத்திரை அதில் வராது.

கடைசியாக ஒரு நிலை. இதற்குத்தான் அவசரம் அதிகம். சில வீடுகளில் பத்து நாள் மாத்திரை எப்படியோ பல மாதமாக நீண்டிருக்கும். சீட்டு கேட்காத கடை, திருத்திய படம், தெரிந்தவர் தயவு என்று ஏதோ ஒரு வழியில் மாத்திரை வந்துகொண்டே இருந்திருக்கும். ஒருநாள் எந்தக் கடையும் தர மறுக்கும். அப்போது பயத்திலோ ரோஷத்திலோ “இனிமேல் இதைத் தொடவே மாட்டேன்” என்று ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. தினமும் பல வாரம் அல்பிரசோலம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமே இல்லாத இரவுகள் வரும். சிலருக்கு வலிப்பும் வரலாம். டாக்டர் இதைச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்துவார். அதற்கு வேண்டிய மாத்திரையை அவரே முறையாக எழுதித் தருவார்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்றே அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை, எப்படிக் கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்போ மயக்கமோ வந்துவிட்டால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.